ஆயக்கட்டு எல்லை: ஒரே சமஉயரக் கோடா, இறங்கும் நீர்மட்டமா?

மேட்டூர் கிழக்குக் கரைக் கால்வாய் போன்ற ஒன்றின் தலைமதகில் முழு நீர்மட்டம் 200 மீட்டர் என வைத்துக்கொள்வோம். வரைபடத்தில் 200 மீட்டர் உயரத்தைக் காட்டும் சமஉயரக் கோட்டையே, கால்வாய் நீர் பாயும் நிலமான ஆயக்கட்டின் எல்லையாக்கினால் வேலை சீக்கிரம் முடியும். ஆனால் கால்வாய்ச் சரிவு 5,000-க்கு 1 என்றால், 10 கிலோமீட்டரில் நீர்மட்டம் 198-க்கு இறங்கிவிடும். அங்கே 199 மீட்டரில் உள்ள வயல் வரைபடத்தில் ஆயக்கட்டுக்குள் இருக்கும், தண்ணீர் மட்டும் ஏறாது. கடைமடை விவசாயிக்கு இது பெரிய அநியாயம்.

அதனால் மடைக்கு மடை நீர்மட்டம் பார்க்கும் முறைதான் என் தேர்வு. மடையிலும் வயல் வாய்க்காலிலும் குறையும் உயரம் அரை மீட்டர் என்றால், அந்த 10 கிலோமீட்டர் இடத்தில் எல்லை 197.5 மீட்டர். அப்புறம், சேலம் பக்கம் நடுவில் கரடு குறுக்கிடும். அதற்கு அப்பால் நிலம் தாழ்வாக இருந்தாலும், சுற்றிப் போக வழியில்லை என்றால் சேர்க்கக் கூடாது.