எச்சரிக்கை: யூ.பி.ஐ. திரையில் Failed, கணக்கில் பிடித்தம், கடைக்கு இரண்டு முறை காசு

இந்தியாவிலிருந்து வரும் உறவினரைக் கொழும்பில் கடைக்கு அழைத்துச் செல்பவர்களும், இந்திய வங்கிக் கணக்கை வைத்துக்கொண்டு இங்கே பணம் செலுத்துபவர்களும் கவனிக்க வேண்டிய ஒரு சம்பவத்தை இங்கே எழுதுகிறேன். 2024 பெப்ரவரி 12 அன்று இலங்கையில் யூ.பி.ஐ. சேவை தொடங்கியதிலிருந்து, இந்தியச் செயலியால் கடையிலுள்ள லங்கா கியூ.ஆர். குறியீட்டை ஸ்கேன் செய்தால் இந்தியக் கணக்கிலிருந்து இந்திய ரூபாயில் பிடித்துக்கொண்டு, கடைக்காரரின் கணக்குக்கு இலங்கை ரூபாயில் சேர்த்துவிடுகிறார்கள். ஒழுங்காக நடக்கும்போது இது மிக வசதியானது என்பதில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. நடுவில் தடைப்பட்டால் யாரிடம் என்ன கேட்பது என்பதைத்தான் எவரும் சரியாகச் சொல்வதில்லை.

மதுரையிலிருந்து வந்த என் சித்தி, புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் 17,850 ரூபாய்க்குச் சேலைகள் எடுத்தார். கடை நெரிசலான சனிக்கிழமை மாலை அது. ஸ்கேன் செய்ததும் செயலி இலங்கை ரூபாய்த் தொகையையும், பரிமாற்ற விகிதத்தையும், கட்டணத்தோடு சேர்த்துப் பிடிக்கப்போகும் 5,268 இந்திய ரூபாயையும் காட்டியது. சித்தி PIN எண்ணை அழுத்தினார். வட்டம் வெகுநேரம் சுழன்றுகொண்டே இருந்து, கடைசியில் சிவப்பு நிறத்தில் Failed என்று வந்தது. அதே நேரத்தில் ரோமிங்கில் இருந்த அவருடைய இந்திய எண்ணுக்கு, 5,268 ரூபாய் பிடிக்கப்பட்டதாக வங்கியின் குறுஞ்செய்தியும் வந்து சேர்ந்தது.

கடை முதலாளி தம் கைபேசியைக் காட்டினார். "எனக்கு மெசேஜ் வரல்லம்மா, உங்கட போன்லயே ஃபெயில்னுதானே இருக்கு" என்றார். அவர் சொன்னது அந்த நிமிடத்தில் உண்மைதான். சேலைகளைக் கட்டி வைத்தாயிற்று, வரிசையில் ஆட்கள் நிற்கிறார்கள், ஆகவே நான் 17,850 ரூபாயைக் காசாகக் கொடுத்தேன். பற்றுச்சீட்டில் "யூ.பி.ஐ. கிடைக்கவில்லை, காசாகப் பெறப்பட்டது" என்று எழுதி, நேரத்தையும் குறித்து, கடை முத்திரை இட்டுத் தரும்படி கேட்டேன். அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டாலும் எழுதிக் கொடுத்தார். பிறகு நடந்தவற்றில் எங்களுக்குக் கைகொடுத்தது அந்தச் சீட்டு ஒன்றுதான்.

வீட்டுக்கு வந்ததும் சித்தியின் வங்கியை அழைத்தோம். மறுமுனையில் இருந்தவர் மிகவும் மரியாதையாக, "ஐந்து நாள் வெயிட் பண்ணுங்க மேடம், தானாகவே திரும்பிடும், அதுக்கு மேல போனா நாளுக்கு நூறு ரூபாய் நஷ்டஈடு கிடைக்கும்" என்றார். இந்த வாக்கியம் ஒன்றும் கற்பனையல்ல. இந்திய ரிசர்வ் வங்கி 2019 செப்டெம்பர் 20 ஆம் திகதி வெளியிட்ட சுற்றறிக்கையில் இது இருக்கிறது. கடைக்குச் செலுத்தும்போது கணக்கில் பிடித்தம் நடந்தும் கடைக்கு உறுதிப்பாடு கிடைக்காவிட்டால், பரிவர்த்தனை நடந்த நாளுக்குப் பின் ஐந்து நாட்களுக்குள் பணம் தானாகத் திரும்ப வேண்டும். தனிநபருக்கு அனுப்பும்போது அந்த வரம்பு ஒரு நாள்தான். இவற்றைத் தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம், வாடிக்கையாளர் முறைப்பாடு செய்யாவிட்டாலும், வங்கியே கொடுக்க வேண்டும். நாட்கள் நாட்காட்டித் திகதிப்படி எண்ணப்படுகின்றன, வங்கி வேலைநாட்களின்படி அல்ல.

ஆனால் அதே சுற்றறிக்கையில், பணம் அனுப்புபவரும் பெறுபவரும் இருவருமே இந்தியாவுக்குள் இருக்கும் உள்நாட்டுப் பரிவர்த்தனைகளுக்கு மட்டுமே இந்தக் கட்டமைப்பு பொருந்தும் என்றும் தெளிவாக எழுதியிருக்கிறார்கள். கொழும்பிலுள்ள கடைக்குச் செலுத்திய பணம் அதற்குள் அடங்காது. ஐந்து நாள் வாக்குறுதியை நம்பி உட்கார்ந்திருப்பவருக்கு ஆறாவது நாளில் சட்டப்படி கேட்பதற்கு எதுவும் கையில் இராது, நூறு ரூபாய் நட்டஈடும் கிடையாது. வாடிக்கையாளர் சேவையில் இருப்பவர்கள், வெளிநாட்டுப் பரிவர்த்தனை என்று நாம் சொன்ன பிறகும் உள்நாட்டு விடையையே படித்துக் காட்டுவதை நான் கடுமையான சேவைக் குறைபாடாகவே கருதுகிறேன்.

இந்த இடத்தில் பணம் எங்கே நிற்கிறது என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டியிருக்கிறது. PIN எண்ணை அழுத்தியதும் முதலில் செலுத்துபவரின் வங்கி பணத்தைப் பிடிக்கிறது. அதன் பிறகே பெறுபவரின் வங்கிக்குச் சேர்க்கும்படி செய்தி போகிறது. அந்த வங்கி "சேர்க்க முடியவில்லை" என்று உடனே பதில் சொன்னால், பிடித்த பணம் பெரும்பாலும் சில நிமிடங்களிலேயே திரும்பிவிடும், அதற்கு இரண்டாவது குறுஞ்செய்தியும் வரும். பதிலே வராமல் நேரம் முடிந்துபோனால்தான் சிக்கல் தொடங்குகிறது. சேர்த்ததா, சேர்க்கவில்லையா என்பது அப்போது இடையிலுள்ள எவருக்கும் தெரியாது. அதைத்தான் Pending என்கிறார்கள். பெறுபவரின் வங்கி தன் கணக்குகளை ஒத்துப்பார்த்து, பணத்தைச் சேர்த்துவிட்டேன் என்றோ திருப்பி அனுப்புகிறேன் என்றோ அறிவிக்கும்வரை அது அப்படியே இருக்கும். எல்லை கடந்த பரிவர்த்தனையில் இந்தியப் பக்கமும் இலங்கைப் பக்கமும் தத்தம் கணக்குகளை ஒத்துப்பார்க்க வேண்டியிருப்பதாலும், இரண்டு நாடுகளின் விடுமுறைகள் வேறுபடுவதாலும், இது இழுபடக்கூடும். போயா தினத்தை இந்திய வங்கிக்கு யார் சொல்லிக் கொடுப்பது?

செயலியின் திரை காட்டுவது செயலிக்கு அதுவரை கிடைத்த பதிலை மட்டுமே என்பதை இதிலிருந்து புரிந்துகொள்ளலாம். பதில் வராமல் நேரம் கடந்ததைச் சில வேளைகளில் Failed என்றே காட்டிவிடுகிறார்கள். பிடித்தம் நடந்த குறுஞ்செய்தி வந்து, திருப்பிச் சேர்த்த செய்தி வராமலிருந்தால், திரையில் எந்தச் சொல் இருந்தாலும் அந்தப் பணம் இன்னும் பாதி வழியில்தான் இருக்கிறது. அது இரண்டு பக்கமும் போகலாம், திரும்பி வரவும் கூடும், கடைக்குப் போய்ச் சேரவும் கூடும்.

எங்கள் பணம் கடைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அடுத்த வாரத் தொடக்கத்தில் சித்தியின் செயலியில் அதே பரிவர்த்தனை சத்தமில்லாமல் Success என்று மாறியிருந்தது. வங்கிக்கு எழுதிய முறைப்பாடோ, "விற்பனையாளருக்குச் சேர்ந்தது, தீர்க்கப்பட்டது" என்ற ஒரே வரியோடு மூடப்பட்டிருந்தது. ஐந்து நாள் கழித்துப் பணம் திரும்பும் என்று சொன்ன அதே வங்கி, பணம் திரும்பவே போவதில்லை என்பதை அறிந்த பிறகும் எங்களை அழைத்துச் சொல்லவில்லை. நாங்களாகத் திறந்து பார்க்காமலிருந்தால் இன்னும் காத்துக்கொண்டுதான் இருந்திருப்போம்.

ஆகவே ஒரே சேலைகளுக்குக் கடைக்காரர் இரண்டு முறை பணம் பெற்றிருந்தார். நாங்கள் கடைக்குத் திரும்பிப் போனபோது, அப்படி எதுவும் வரவில்லை என்று முதலில் சாதித்தார். கணக்கைப் பார்க்கச் சொன்னதும், அந்தத் தொகையில் தினமும் எத்தனையோ பேர் வாங்குகிறார்கள், அது வேறொருவருடைய பணம் என்றார். முத்திரையிட்ட பற்றுச்சீட்டையும், செயலியில் UTR என்ற பெயரில் இருக்கும் 12 இலக்க எண்ணையும் மேசையில் வைத்தோம். அவர் வங்கியின் பதிவில் அந்த எண்ணும், 17,850 என்ற தொகையும், சனிக்கிழமை மாலை நேரமும் ஒன்றாகவே இருந்தன. கணக்கில் சேர்ந்த நாள் மட்டும் பிந்தியிருந்தது. அதன் பிறகு அவர் வாதாடவில்லை, காசை எண்ணித் திருப்பிக் கொடுத்தார். தாமதம் அவருடைய குற்றமல்ல. வந்த பணத்தைக் கண்டும் பேசாமல் இருந்ததும், கேட்கப் போனவர்களை விரட்டப் பார்த்ததும் அவருடையவை.

யூ.பி.ஐ. பரிவர்த்தனையை ரத்துச் செய்யும்படி நாங்கள் கேட்காமல் காசைத் திருப்பிக் கேட்டதற்குக் காரணம் உண்டு. பணம் கடைக்குச் சேர்ந்துவிட்டால் அது வெற்றியடைந்த பரிவர்த்தனை. அது தானாகத் திரும்பாது, வங்கி வழியே பிணக்காக எழுப்பினால்தான் உண்டு, அதில் கடையின் வங்கி "சேர்ந்துவிட்டது" என்று ஆதாரம் காட்டும். வேறு வழியில் பணம் செலுத்தியதற்குக் கடை தந்த சான்று இல்லாதவர் அங்கே நிற்கவே முடியாது. முடிந்தால் அந்த நிமிடத்தில் இரண்டாவது முறை செலுத்தாமல், பொருளைக் கடையிலேயே வைத்துவிட்டு மறுநாள் வருவதாகச் சொல்லிவிடுவது மேலானது. முடியாவிட்டால் அந்தச் சீட்டை எழுதி வாங்காமல் படியிறங்கக் கூடாது.

பதிவுசெய்து வைக்க வேண்டியவை அதிகமில்லை. Failed என்று காட்டும் திரையையும், பரிவர்த்தனை விவரத்தில் UTR எண், நேரம், இரு நாணயத் தொகைகள், கடையின் பெயர் ஆகியவை தெரியும் பக்கத்தையும் அப்போதே படம் எடுத்துவையுங்கள், ஏனென்றால் முதல் திரை பின்னர் மாறிவிடுகிறது. ரோமிங் இல்லாமல் வைஃபையில் மட்டும் செலுத்துபவர்களுக்குக் குறுஞ்செய்தி வராது என்பதால், வங்கிச் செயலியில் கணக்குக்கூற்றைத் திறந்து பிடித்த வரியையும் படமெடுக்க வேண்டும். மீதித் தொகையை மட்டும் பார்ப்பது சான்றாகாது. முறைப்பாட்டைச் செயலியிலுள்ள அந்தப் பரிவர்த்தனையின் கீழேயே எழுப்பி, இலங்கையிலுள்ள கடைக்குச் செலுத்தியது என்பதை முதல் வரியிலேயே எழுதி, முறைப்பாட்டு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். சமூக ஊடகத்தில் வங்கியின் பெயரைக் குறிப்பிட்டுப் புலம்பினால் உதவி செய்வதாக அழைப்புகள் வரும். பணத்தைப் பெறுவதற்கு PIN எண் ஒருபோதும் தேவையில்லை, ஆகவே அதைக் கேட்பவரும் திரையைப் பகிரச் சொல்பவரும் திருடர்களே.

கடைக்கும் சேராமல் கணக்குக்கும் திரும்பாமல் நின்றுவிட்ட பணத்துக்கு, எழுத்தில் முறைப்பாடு கொடுத்து 30 நாட்களுக்குள் இந்திய வங்கி பதில் தராவிட்டாலோ, தந்த பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ, cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். கடையின் வங்கி இலங்கையிலுள்ள வங்கி என்பதால் அதைப் பயணியாக வந்தவர் நேரடியாக விசாரிக்க வழியில்லை. அந்தப் பக்கத்தைக் கடைக்காரர்தான் தம் வங்கியிடம் கேட்க வேண்டும், அது தட்டிக்கழித்தால் அவர் இலங்கை மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் பிரிவுக்கு 1935 என்ற எண்ணில் அழைக்கலாம்.