பேமிலி பிளான் பில்லை டேட்டா கணக்கு பார்த்துப் பிரிப்பது: எங்கள் வீட்டு அனுபவம்

ஒரே போஸ்ட்பெய்டு பிளானில் நான்கு நம்பர்: நான், என் கணவர், தம்பி, அப்பா. வாடகை 1,000 ரூபாய், 18% ஜிஎஸ்டி சேர்த்து 1,180. எல்லோருக்கும் பொதுவாக 100 ஜிபி டேட்டா. ஆளுக்கு 295 என்று பிரித்தால் வாட்ஸப் மட்டும் பார்க்கும் அப்பாவுக்கு அநியாயம். முழுக்க டேட்டா விகிதப்படி போட்டால் 5 ஜிபி ஓட்டும் அவருக்கு வெறும் 59 ரூபாய்தான். அதுவும் சரியில்லை. நாள் முழுக்கப் பேசுகிற வசதிக்கும் ஒரு விலை உண்டே.

அதனால் பில்லில் பாதியை இணைப்புக் கட்டணமாக வைத்துச் சமமாகவும், மீதிப் பாதியை டேட்டா விகிதத்திலும் பிரிக்கிறோம். தம்பி 52 ஜிபி, நான் 28, கணவர் 15, அப்பா 5 என்று வந்த மாதத்தில் ஆளுக்கு 147.50 அடிப்படை. அதோடு டேட்டா பங்கும் சேர்ந்து தம்பிக்கு 454.30, எனக்கு 312.70, கணவருக்கு 236, அப்பாவுக்கு 177.

சில மாதங்கள் ஓடிய பிறகுதான் இதில் உள்ள சிக்கல் தெரிந்தது. தம்பி ஆபீஸ் வைஃபைக்கு மாறிய மாதம் மொத்த உபயோகம் 50 ஜிபியாகக் குறைந்தது. பில் குறையவில்லை. அதே 5 ஜிபி ஓட்டிய அப்பாவின் டேட்டா பங்கு 29.50-லிருந்து 59 ஆகிவிட்டது. "நான் என்னம்மா கூடப் பண்ணேன்?" என்று கேட்டார், நியாயமான கேள்வி. இப்போது கடைசி மூன்று மாத மொத்தத்தை வைத்து விகிதம் போடுகிறோம். முந்தைய இரண்டு மாதமும் 100 ஜிபி என்றால், 250-ல் அவருடையது 15, அதாவது 6%. பங்கு 35.40.

ஐஎஸ்டி, ரோமிங் மாதிரி ஒரு நம்பருக்கு மட்டும் வருவதை முதலிலேயே கழித்து, ஜிஎஸ்டியோடு அவரவர் தலையில் போட்டுவிடுவது நல்லது. 200 ரூபாய்க்கு ஐஎஸ்டி பேசினால் 236.

கணக்கை எங்கிருந்து எடுப்பது? எங்கள் மொபைல் நிறுவனத்தின் ஆப் நம்பர்வாரியாகக் காட்டுகிறது, அதையே எடுத்துக்கொள்கிறோம். போனில் தெரிவதை அப்படியே நம்ப முடியாது. பில் 14-ம் தேதி தொடங்கினாலும் போன் 1-ம் தேதியிலிருந்து எண்ணிக்கொண்டிருக்கலாம். ஆண்ட்ராய்டில் தொடக்கத் தேதியை மாற்றிக்கொள்ளலாம். ஐபோனில் நாமே ரீசெட் செய்யும்வரை கூட்டிக்கொண்டே போகும்.

ஆனாலும் போன் கணக்கு உதவுகிற இடம் ஒன்று உண்டு: ஹாட்ஸ்பாட். தம்பி லேப்டாப்பை என் போனில் கனெக்ட் செய்து படம் பார்த்தால், நிறுவனக் கணக்கில் அது என் டேட்டாதான். என் போனின் டேட்டா பட்டியலில் ஹாட்ஸ்பாட் தனி வரியாக வரும். அந்த ஜிபியை என்னிடம் கழித்து அவன் பேரில் ஏற்றிவிடுவேன். "அக்கா, இதையுமா?" என்பான். இதையும்தான்.