ஏடிவி டயரில் காற்றைக் குறைத்தால்: டியூபா, பீட்லாக்கா, சாதா ரிம்மே போதுமா?

மலேசியாவின் கெமன்சா காட்டுச் சேற்றில் டயர் பிடிக்க வேண்டுமென்றால் காற்றைக் குறைக்கத்தான் வேண்டும், அதில் சண்டையில்லை. ஏடிவி என்கிற நாலு சக்கரக் காட்டு வண்டியின் டயருக்கு வழக்கமாகவே 5 பிஎஸ்ஐ அளவில்தான் காற்று. டயரின் விளிம்பை, அதாவது பீடை, ரிம் ஓரத்தில் அழுத்தி வைத்திருப்பதும் அந்தக் கொஞ்சக் காற்றுதான்.

போன மாதம் என் முன் டயர் கழன்றது. மதிய வெயிலில் வண்டி காய்ந்து கிடந்தபோது 5 வைத்தேன். டயருக்குள் 50 டிகிரி இருந்திருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆற்றில் இறங்கி அது 28க்கு வந்தால் அதே காற்று 3.7 பிஎஸ்ஐதான் காட்டும். அப்புறம் வேர் நிறைந்த ஒரு வளைவு. வெளிப்பக்க டயர் வேரில் சிக்கிக்கொள்ள, வண்டி மட்டும் வெளியே தள்ளியது, டயர் ரிம்முக்கு அடியில் உள்ளே மடங்கி வெளிப்பக்க பீட் பிய்த்துக்கொண்டது. புஸ்ஸென்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

பட்டறை அண்ணன் உடனே "டியூப் போட்டுடு தம்பி" என்றார். எனக்கு இதில் உடன்பாடில்லை. வளைந்த ரிம், பீடில் சேறு புகுந்து மெதுவாகக் காற்று கசிவது, இதற்கெல்லாம் டியூப் நல்ல மருந்து. ஆனால் பீடை அது தனியாகப் பிடித்து வைக்காது. அழுத்தம் குறைவாக இருக்கும்போது முடுக்கினால் ரிம் சுற்ற, டயர் பின்தங்கும், டியூபும் டயரோடு நகரும், ஆனால் வால்வு ரிம் துளையில் மாட்டியிருக்கிறதே, அதனால் வால்வின் கழுத்து கிழியும்.

பீட்லாக் ரிம் உண்மையிலேயே பிடிக்கும். வெளிப்பக்க பீடை ஒரு வளையம் வைத்துப் போல்ட்டால் இறுக்குகிறார்கள், 3க்குக் கீழே தைரியமாக இறங்கலாம். பெரும்பாலானவற்றில் உள்பக்க பீட் இன்னமும் காற்றை நம்பித்தான் இருக்கும், அதை மறக்காதீர்கள். எடை கூடும், போல்ட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்க வேண்டும், முதல் ஓட்டத்துக்குப் பிறகு மறுபடி பார்க்கவும் வேண்டும்.

மாதம் ஒருமுறை போகிற எனக்குச் சாதா ரிம்மே போதும். பீட் உட்காருமிடத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துக் காய்ந்த சேற்றை எடுத்தேன். கார் கேஜில் 4க்கும் 5க்கும் வித்தியாசமே தெரியாது, அதனால் 10 பிஎஸ்ஐ வரை மட்டும் காட்டும் கேஜ் வாங்கினேன். காற்றை இப்போது ஆற்றைக் கடந்து டயர் குளிர்ந்த பிறகுதான் சரிபார்க்கிறேன். டயரிலிருந்து ரிம் வரைக்கும் சாக்பீஸால் ஒரு கோடும் போட்டுவிடுவேன். திரும்பி வரும்போது கோடு இரண்டாக விலகியிருந்தால் டயர் ரிம்மில் நழுவியிருக்கிறது, அடுத்த முறை அரை பிஎஸ்ஐ கூட்டுவேன். இப்படிக் கூட்டிக் கூட்டி என் வண்டி முன்னால் 4.5இல் நிற்கிறது.