சாய்ந்த படத்தில் நீளம் அளக்க: ஒற்றை விகிதமா, நான்கு மூலையா?

தரையில் ஓடும் விரிசலைச் சாய்வாக எடுத்த ஒரே படம், அதே தரையில் ஒரு A4 தாள் (210 × 297 மி.மீ.). இதை வைத்து இரண்டு வழிகளில் அளக்கலாம்.

வேலை:
விகிதம்: தாளின் ஓரம் எத்தனை பிக்சல் என்று பார்த்து, ஒரு பிக்சலுக்கு எத்தனை மி.மீ. என்று வகுத்து, அதை விரிசலின் பிக்சல்களோடு பெருக்கினால் முடிந்தது.
நான்கு மூலை: தாளின் மூலைகளைக் குறித்து, படங்களைக் கையாளும் நிரல் நூலகமான OpenCV-யின் `getPerspectiveTransform` கொண்டு மாற்று அணியைக் கணக்கிட்டு, `warpPerspective` கொண்டு தரையை நேர் மேலிருந்து பார்ப்பதுபோல மாற்ற வேண்டும்.

துல்லியம்:
விகிதம் ஏமாற்றுவது இங்கேதான். தாள் கேமராவிலிருந்து 2 மீட்டரிலும், குறுக்கே ஓடும் 90 செ.மீ. விரிசல் 3 மீட்டரிலும் இருந்தால், விரிசல் மூன்றில் இரண்டு பங்காகச் சுருங்கி 60 செ.மீ. என்றே கணக்கு வரும். விரிசல் நம்மைவிட்டு விலகி ஓடினால் இன்னும் மோசம்.
நான்கு மூலை இந்தச் சுருக்கத்தைச் சரிசெய்துவிடும். ஆனால் தரையோடு ஒட்டியதற்கு மட்டும்தான், தரைமேல் நிற்கும் பெட்டியின் உயரத்துக்கு அது உதவாது. அப்புறம், படத்தில் தாள் சின்னதாகத் தெரிந்தால் மூலையைக் குறிப்பதில் ஓரிரு பிக்சல் பிசகினாலும் தூரத்தில் பிழை பெருகும்.

சோதிக்க, இன்னொரு தாளைத் தூரக் கோடியில் போட்டு அதன் நீண்ட ஓரத்தையும் அளந்து பாருங்கள். 297 மி.மீ.-ஐ ஒட்டி வராவிட்டால் அந்த அளவை நம்ப வேண்டாம்.

பொருளை ஒட்டி, அதே திசையில், அதே தூரத்தில் அளவுகோல் கிடந்தால் விகிதமே போதும். மற்றபடி தரை, சுவர் போன்ற தட்டையான பரப்பு என்றால் நான் நான்கு மூலையைத்தான் எடுப்பேன்.