டப்பா எதுவாக இருந்தாலும் வாஷரைப் பாருங்கள்: எவர்சில்வர், பிளாஸ்டிக், கண்ணாடி ஒப்பீடு

மூன்று வகை டப்பாவும் எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கின்றன. ஆனால் காட்பாடியிலிருந்து சத்துவாச்சாரி ஆபீசுக்குப் போகும் என் பையில் இப்போது இடம்பிடிப்பது எவர்சில்வர் மட்டும்தான். மூன்றையும் மாற்றி மாற்றிக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு எடுத்த முடிவு இது. அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை மறைக்கப் போவதில்லை.

எல்லோருக்கும் தெரிந்ததைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். பிளாஸ்டிக் எடை குறைவு, விலையும் குறைவு. கண்ணாடி சுத்தமாக இருக்கும், ஆனால் கனம், விழுந்தால் போச்சு. எவர்சில்வர் உடையாது, மைக்ரோவேவில் வைக்க முடியாது. இதோடு நிறுத்திக்கொண்டால் ஒழுகலைப் பற்றியும் வாசனையைப் பற்றியும் எதுவும் தெரியாது. ஏனென்றால் அந்த இரண்டையும் பெரும்பாலும் தீர்மானிப்பது மூடிக்குள் இருக்கும் அந்த மெல்லிய வளையம். கடையில் வாஷர் என்கிறார்கள், வீட்டில் ரப்பர் என்கிறோம். இப்போது வருபவற்றில் பெரும்பாலானவை சிலிக்கான்.

டப்பாவைச் சோதிக்க நான் எடுத்துக்கொள்ளும் பண்டம் முள்ளுக் கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு. நம்ம ஊர் இலவம்பாடிக் கத்தரிக்காயை நல்லெண்ணெயில் வதக்கி, பூண்டு, பெருங்காயம், மஞ்சள், புளி எல்லாம் சேர்த்து வைக்கும்போது, மேலே எண்ணெய் மிதக்கிற அந்தக் குழம்புதான் எந்த டப்பாவுக்கும் கடினமான பரீட்சை. தண்ணீர் ஊற்றிக் கவிழ்த்துப் பார்த்தால் ஒரு சொட்டுக்கூடச் சிந்தாத டப்பா, இந்தக் குழம்பில் பையை நனைத்துவிடும். தண்ணீர் தனக்குள்ளேயே இழுத்துப் பிடித்துக்கொள்ளும் தன்மை உள்ளது. எண்ணெய்க்கு அந்தப் பிடிப்பு குறைவு. மூடிக்கும் வளையத்துக்கும் நடுவில் தலைமுடி அளவு சந்து இருந்தாலும் அது ஊர்ந்து வெளியே வந்துவிடும்.

இன்னொரு காரணம் சூடு. காலை ஏழரைக்கு அடுப்பிலிருந்து இறக்கியதை அப்படியே ஊற்றி மூடினால், உள்ளே கிளம்பும் ஆவி மூடியை மேலே தள்ளும். வண்டி பாலாற்றுப் பாலத்தைத் தாண்டி, வேகத்தடைகளில் தூக்கிப் போடும் அந்த அரை மணி நேரத்தில்தான் ஒழுகல் நடக்கிறது. ஆபீஸ் போய்ச் சேர்ந்து ஆறிய பிறகு கதை தலைகீழ். உள்ளே ஆவி தண்ணீராகி வெற்றிடம் உண்டாகும். மூடி இறுகிப் பிடித்துக்கொண்டு திறக்கவே வராது. அதனால் குழம்பை முக்கால் டப்பாவுக்கு மேல் ஊற்றக் கூடாது. மூடுவதற்கு முன் விசிறிக் காற்றில் பத்துப் பதினைந்து நிமிடம் ஆறவிட வேண்டும். இதை மட்டும் செய்தாலே எந்த வகை டப்பாவிலும் ஒழுகல் பாதி குறையும்.

மீதிப் பாதி வாஷரின் வேலை. இங்கே வட்ட டப்பாவுக்கும் செவ்வக டப்பாவுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. வட்ட மூடியில் வளையம் எல்லாப் பக்கமும் ஒரே அளவு அழுந்தும். செவ்வக டப்பாவில் கிளிப் இருக்கும் இடம் இறுகும், நீளப் பக்கத்தின் நடுவில் மூடி லேசாகத் தூக்கிக்கொள்ளும். பிளாஸ்டிக் மூடி சூடு பட்டுப் பட்டு வளைந்தால் இது இன்னும் மோசம். மூடியைத் தனியாக மேசைமேல் கவிழ்த்து வைத்து, ஒரு மூலையை அழுத்திப் பாருங்கள். எதிர் மூலை ஆடினால் அந்த மூடி வளைந்துவிட்டது என்று அர்த்தம். வாஷர் மாற்றினாலும் அது தேறாது.

பிளாஸ்டிக் என்னிடம் தோற்றது இங்கேதான். அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று போட்டிருக்கும் பாலிப்ரொப்பிலீன் டப்பாதான் சாப்பாட்டுக்கு நல்லது, மைக்ரோவேவையும் தாங்கும். ஆனால் எண்ணெய்க் குழம்பைச் சுடவைக்கும்போது எண்ணெய் தண்ணீரின் கொதிநிலையைத் தாண்டிச் சூடாகிறது. டப்பாவின் உட்புறம் குழம்பு நின்ற மட்டத்தில் வட்டமாகச் சொரசொரப்பு விழும். அந்தச் சொரசொரப்பில் மஞ்சளும் பூண்டு வாசனையும் ஏறி உட்கார்ந்துகொள்ளும். மஞ்சள் கறையை வெயில் எடுத்துவிடும். நம்ம ஊர் வெயிலில் கழுவிக் கவிழ்க்காமல் திறந்து வைத்தால் சில நாளில் வெளுத்துவிடும். வாசனைதான் போகாது. தயிர்சாதத்தில் முந்தாநாள் பூண்டு மணக்கிறது என்றால் அந்த டப்பாவைத் திருகாணி, பொத்தான் போட்டு வைக்க எடுத்துக்கொள்ளலாம்.

எவர்சில்வரில் வாசனையே வராது என்று பலர் சொல்கிறார்கள். பாதிதான் சரி. பாத்திரம் வாசனை பிடிக்காது, வாஷர் பிடிக்கும். சந்தேகம் இருந்தால் இப்படிச் செய்து பாருங்கள். கழுவிக் காய்ந்த டப்பாவை மூடி ஒரு ராத்திரி வைத்துவிட்டு, காலையில் திறந்து முகருங்கள். அப்புறம் வளையத்தைக் கழற்றித் தனியே முகருங்கள், பாத்திரத்தைத் தனியே முகருங்கள். வாடை முழுக்க வளையத்தில்தான் இருக்கும். சிலிக்கானுக்கு எண்ணெயை உறிஞ்சும் குணம் உண்டு, அதோடு எண்ணெயில் கரைந்த பூண்டு, பெருங்காயமும் உள்ளே போய்விடும்.

ஆக, பராமரிப்பு என்றால் வாஷர் பராமரிப்புதான். தினமும் கழற்ற வேண்டாம். எண்ணெய்க் குழம்பு போன நாளில் கட்டாயம் கழற்ற வேண்டும். கத்தி முனையால் நெம்பினால் வெட்டு விழும். ஸ்பூன் காம்பின் மொட்டை நுனியால் ஓர் இடத்தில் தூக்கினால் மற்றது கையோடு வந்துவிடும். கீழே உள்ள பள்ளத்தைப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். கருப்பாகப் புள்ளி தெரிந்தால் அது பூஞ்சை. மாதத்துக்கு ஓரிரு முறை, கொதிக்கும் தண்ணீரில் ஒரு ஸ்பூன் ஆப்பசோடா போட்டு, வளையத்தை ஐந்து நிமிடம் விட்டெடுத்து, மாடியில் வெயிலில் காயவைக்கிறேன். வாடை முழுதாகப் போகாவிட்டாலும் சாப்பாட்டில் ஏறாத அளவுக்குக் குறைந்துவிடுகிறது. திரும்ப மாட்டும்போது முறுக்கு விழாமல் சுற்றிலும் விரலால் அழுத்தி உட்கார வைக்க வேண்டும். நன்றாக இருந்த டப்பா திடீரென்று ஒழுகினால் முதலில் பார்க்க வேண்டியது இந்த முறுக்கைத்தான்.

ஒரு கட்டத்தில் வளையம் எண்ணெய் குடித்துக் குடித்து ஊதிப் பெரிதாகிவிடும். பள்ளத்தில் வைத்தால் ஓர் இடத்தில் எழும்பி நிற்கும். அப்போது மாற்றத்தான் வேண்டும். டப்பா வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்வியும் இதுதான்: இந்த வாஷர் தனியாகக் கிடைக்குமா? லாங் பஜார் பக்கம் ஒரு பாத்திரக்கடையில் நான் இதைக் கேட்டபோது கடைக்காரர், "டப்பா உங்க பையன் காலம் வரைக்கும் வரும்மா, ரப்பர்தான் வராது. வட்ட டப்பா எடுங்க, அதுக்கு அளவு பாத்து நானே ரப்பர் குடுத்துடுவேன்" என்றார். வட்ட டப்பாவுக்குப் பக்கத்து அளவில் ஏதாவது ஒன்று பொருந்திவிடுகிறது. விதவிதமான வடிவத்தில் வருபவற்றுக்கு அந்தக் கம்பெனி வளையம் மட்டும்தான் உட்காரும். அது கிடைக்காவிட்டால் நல்ல டப்பாவையே ஓரம்கட்ட வேண்டியதுதான்.

இன்னொன்று, எவர்சில்வர் உடம்புக்குப் பிளாஸ்டிக் மூடி போட்டு வருபவையும் நிறைய இருக்கின்றன. கிளிப் முறிந்தால் பாத்திரம் இருந்தும் பயனில்லை. மூடியும் கொக்கியும் எவர்சில்வரிலேயே இருப்பதை வாங்குவது மேல். காந்தம் ஒட்டவில்லை என்றால் உயர்ந்த ரகம் என்று சொல்வதை நம்ப வேண்டாம். 304 ரகத்திலும் ஒட்டாது, விலை குறைந்த 202 ரகத்திலும் ஒட்டாது. அடியில் பொறித்திருக்கும் எண்ணைப் பாருங்கள். பழைய அடுக்கு கேரியரில் வாஷரே கிடையாது. சாதம், பொரியல், இட்லிக்கு அது அருமை, ஆவி வெளியே போய்விடுவதால் சாதம் நீர்விடாது. குழம்பு, ரசத்துக்கு மட்டும் அதை நம்பாதீர்கள்.

கண்ணாடியை நான் ஒரு கோடைக்காலம் மட்டும்தான் தினப்படி பயன்படுத்தினேன், அதனால் அளவோடுதான் சொல்ல முடியும். வாசனை விஷயத்தில் கண்ணாடிதான் முதலிடம், பாத்திரத்தில் எதுவும் ஒட்டுவதில்லை. ஆனால் அதன் மூடியும் பிளாஸ்டிக்தான், அதிலும் அதே சிலிக்கான் வளையம்தான். விளிம்பில் சின்னச் சிதறல் விழுந்தாலும் வளையம் சரியாக உட்காராது. கண்ணாடித் துணுக்கு சோற்றில் சேரும் பயமும் உண்டு, அப்போதே தூக்கிப் போட்டுவிட வேண்டும். அடியில் போரோசிலிகேட் என்று இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து உடனே சூடாக்கினால் சாதாரணக் கண்ணாடி தெறிக்கும், போரோசிலிகேட் அதைவிட நன்றாகத் தாங்கும். அதையும் கொஞ்ச நேரம் வெளியே வைத்துவிட்டுச் சூடாக்குவதே நல்லது.

சுடவைப்பதில் கண்ணாடி முன்னால் நிற்கிறது, ஒத்துக்கொள்கிறேன். கிளிப்புகளைத் திறந்து, மூடியை எடுத்துவிட்டு அப்படியே மைக்ரோவேவில் வைக்கலாம். ஆனால் சுடவைக்க ஒரு பாத்திரம்தான் வேண்டுமே தவிர, அதையேதான் பையில் சுமக்க வேண்டும் என்று எதுவும் இல்லை. எங்கள் ஆபீசில் மைக்ரோவேவ் இருக்கிறது. என் மேசை இழுப்பறையில் ஒரு பீங்கான் தட்டு வைத்திருக்கிறேன். எவர்சில்வர் டப்பாவிலிருந்து அதில் கொட்டி, சாதத்தின் மேல் கொஞ்சம் தண்ணீர் தெளித்து, மூடி, இரண்டு நிமிடம் வைத்தால் போதும். பக்கத்து சீட் அக்காவும் இப்போது ஒரு தட்டு கொண்டுவந்துவிட்டார்.

மைக்ரோவேவ் இல்லாத இடத்தில் எவர்சில்வருக்குத்தான் வசதி. கெட்டிலில் தண்ணீர் கொதிக்கவைத்து, அகலமான பாத்திரத்தில் ஊற்றி, குழம்பு டப்பாவின் கொக்கியைத் தளர்த்தி, முக்கால் உயரம் முழுகும்படி வைத்தால் பத்து நிமிடத்தில் குழம்பு நன்றாகச் சூடேறும். மெல்லிய எவர்சில்வர் சுவர் சூட்டை வேகமாக உள்ளே விடுகிறது, பிளாஸ்டிக் விடாது. சாதத்தின் நடுப்பகுதி இப்படிச் சூடாவதில்லை. குழம்பை மட்டும் சுடவைத்துச் சாதத்தில் ஊற்றிக்கொள்வதே நடைமுறைக்கு ஒத்துவருகிறது. இரட்டைச் சுவர் வைத்த டப்பாவில் இந்த வித்தை பலிக்காது, வெளிச்சூடு உள்ளே போகாது. சித்திரை, வைகாசியில் சாதம் லேசாகப் புளித்த வாடை அடித்தால் சுடவைத்துச் சாப்பிடலாம் என்று நினைக்கக் கூடாது. கெட்ட சோறு சூட்டில் நல்லதாகிவிடாது.

எவர்சில்வரிலும் ஒரு குறை உண்டு, உப்பு. ஊறுகாயை ராத்திரி முழுக்க அதில் விட்டால் மெல்ல மெல்லக் குழி விழும். அதனால் ஊறுகாய்க்கு மட்டும் ஒரு சின்னக் கண்ணாடிச் சீசா தனியாகப் போகிறது. காரில் போய்வருகிறவர், ஆபீசில் மைக்ரோவேவ் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, தட்டு மாற்றிக் கொட்டப் பிடிக்காது என்றால் கண்ணாடியே வாங்கலாம். பஸ்ஸிலும் இருசக்கர வண்டியிலும் போகிறவர்களுக்கு, வட்டமான, எவர்சில்வர் கொக்கி வைத்த டப்பா ஒன்றும், கையோடு அதற்கு ஒரு உபரி வாஷரும்.