ஜிஐ பைப்பில் ஊசித்துளை: ஒரு இடத்தில் கிளாம்ப், ஒரு இடத்தில் புட்டி, இரண்டும் எவ்வளவு தாங்கின

தண்டையார்பேட்டையில் எங்களுடையது பழைய மூன்று மாடி வீடு. கீழே சம்ப், மேலே மொட்டை மாடி டேங்க், நடுவில் வெளிச்சுவரை ஒட்டி ஏறும் ஒரு இன்ச் ஜிஐ பைப். போர் தண்ணீர் உப்பு, வெளியே கடல் காற்று, இரண்டுக்கும் இடையில் மாட்டிக்கொண்ட அந்த பைப்பில் ஒரே கோடையில் இரண்டு ஊசித்துளை விழுந்தது. முழு பைப்பையும் மாற்ற மூன்று குடித்தனமும் சேர்ந்து பணம் போட வேண்டும், அதற்கு நாள் பிடிக்கும் என்று தெரிந்ததால் நேரான இடத்து ஓட்டைக்குக் கிளாம்பும், எல்போவை ஒட்டிய ஓட்டைக்கு எபாக்சி புட்டியும் (எம்-சீல் வகை) போட்டு ஓட்டினோம். இரண்டு மழைக்காலம் தாண்டியது.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். ஊசித்துளை பெரும்பாலும் வெளியிலிருந்து விழுவதில்லை. உள்ளே துத்தநாகப் பூச்சு போன இடத்தில் துரு குழி பறித்துக்கொண்டே வந்து கடைசியில் வெளியே எட்டிப் பார்க்கிறது. அதனால் வெளியே தெரியும் துளை ஒரு மில்லிமீட்டர்தான் என்றாலும் அதைச் சுற்றி விரல் அகலத்துக்கு இரும்பு ஏற்கனவே மெலிந்திருக்கும். கூரான எதையும் வைத்துக் குத்திப் பார்க்கக் கூடாது, தீக்குச்சி சொருகவும் கூடாது, ஓரம் உடைந்து துளை பெரிதாகிவிடும். சின்ன ஓட்டைதானே என்று விடவும் முடியாது: மூன்று மாடி உயரத்துக்குத் தண்ணீர் நிற்கும்போது அடியில் சுமார் ஒரு கிலோ பிரஷர் இருக்கும், அந்த அழுத்தத்தில் ஒரு மில்லிமீட்டர் துளை மணிக்கு இருபது லிட்டருக்கு மேல் பீய்ச்சும்.

கிளாம்ப் என்பது இரண்டு அரைவட்டத் தகடு, உள்ளே ரப்பர், இரண்டு பக்கமும் போல்ட். கடையில் 'ஒரு இன்ச் கிளாம்ப்' என்று மட்டும் கேட்டால் போதாது, ஜிஐக்கு என்று சொல்ல வேண்டும். ஒரு இன்ச் ஜிஐ பைப்பின் வெளி விட்டம் 33 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே, ஒரு இன்ச் சிபிவிசி பைப்போ 28 சொச்சம்தான். சந்தேகம் இருந்தால் பைப்பைச் சுற்றி ஒரு நூலை ஓட்டி அளந்துவிடலாம், ஜிஐ என்றால் 105, 106 மில்லிமீட்டர் வரும்.

போடுவது சுலபம். பெயிண்ட் பொருக்கையும் துருவையும் வயர் பிரஷ்ஷால் லேசாகத் தேய்த்து, ரப்பர் உட்காரும் இடத்தை வழவழப்பாக்கி, துளை ரப்பரின் நடுவில் வரும்படி வைத்து, இரண்டு பக்க போல்ட்டையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். தகடுகள் சேரும் பிளவு துளைக்கு நேரே வந்துவிடக் கூடாது. கசிவு நின்றதும் இன்னும் கால் சுற்று, அவ்வளவுதான். மெலிந்த பைப்பை வெறி கொண்டு இறுக்கினால் அது உள்ளே அமுங்கிவிடும். கிளாம்பின் பெரிய பலம், பைப் ஈரமாக இருந்தாலும் வேலை செய்யும் என்பது, ஏனென்றால் அது ஒட்டி நிற்பதில்லை, அமுக்கி நிற்கிறது. போட்ட அன்றைக்கே மோட்டார் போட்டோம், ஒரு சொட்டு வரவில்லை.

ஆனால் புது ரப்பர் அமுங்கி இடம் பழகும், அதனால் மறுநாள் ஒருமுறை இறுக்க வேண்டியிருந்தது, பிறகு முதல் மழைக்காலம் முடிந்தபோது இன்னொருமுறை. இரண்டாவது கோடையில் ரப்பரின் ஓரம் கெட்டியாகி வெடிப்பு விட ஆரம்பித்தது. அதைவிட மோசம் போல்ட். சாதா இரும்பு போல்ட், நம்ம பக்கத்துக் காற்றுக்குச் சீக்கிரமே நட்டோடு துருப்பிடித்து ஒட்டிக்கொண்டது, கடைசியில் ஸ்பேனருக்கு அசையவே இல்லை. இறுக்க முடியாத கிளாம்ப் பாதி கிளாம்ப்தான். எஸ்எஸ் போல்ட் கொஞ்சம் காசு அதிகம், கடலோரத்தில் அதைத்தான் வாங்க வேண்டும்.

இப்போது எல்போ ஓட்டை. எங்கள் பிளம்பர் பார்த்ததுமே, "இங்க கிளாம்ப் உக்காராது தம்பி, வளைவு இடிக்குது, திரெட்டு வேற பக்கத்துல இருக்கு" என்றார். அது சரிதான், ரப்பருக்கு உருண்டையான நேர் பைப் வேண்டும். அதனால் புட்டி.

புட்டிக்கு எதிரி தண்ணீர். மோட்டார் பக்கத்து யூனியன் இணைப்பைக் கழற்றி பைப்பில் நின்ற தண்ணீரை முழுக்க வடித்து, உப்புத்தாள் போட்டு வெறும் இரும்பு பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, துடைத்துக் காயவிட்டுத்தான் அவர் புட்டியையே பிரித்தார். இரண்டு பகுதியையும் சமமாக எடுத்து, கோடு கோடாக இல்லாமல் ஒரே நிறம் வரும்வரை பிசைந்து, துளைமேல் அழுத்தி, பைப்பை முழுக்கச் சுற்றி வளையமாகப் போட வேண்டும். துளைமேல் மட்டும் பொட்டு வைத்த மாதிரி அப்பினால் உள்ளிருக்கும் அழுத்தம் அதை அப்படியே பெயர்த்துவிடும்.

அன்று சாயங்காலமே கீழ் வீட்டில் தண்ணீர் இல்லை என்று யாரோ மோட்டார் போட்டுவிட்டார்கள். புட்டி தொட்டால் கல் மாதிரிதான் இருந்தது, ஆனால் ஒரு மணி நேரத்தில் இறுகுவது வேறு, முழு பலம் வர ஒரு நாள் ஆகும். மறுநாள் காலையில் புட்டியின் ஓரத்தில் வியர்வை போல ஈரம். அப்படி ஒரு வழி விழுந்துவிட்டால் மேலே இன்னொரு பூச்சு பூசிப் பயனில்லை, எல்லாவற்றையும் செதுக்கி எடுத்து முதலிலிருந்து செய்ய வேண்டும். இரண்டாவது தடவை ஸ்விட்ச் போர்டில் சீட்டு ஒட்டி, ஒரு நாள் முழுக்க எல்லா வீட்டிலும் குடத்தில் பிடித்து வைத்துச் சமாளித்தோம்.

அது நன்றாகவே நின்றது, இரண்டாவது மழைக்காலம்வரை. பிறகு சுவர்ப் பக்கம், விரல் சரியாக நுழையாமல் புட்டி மெல்லிசாகப் போன இடத்தில், மயிரிழை விரிசல். மோட்டார் ஆன் ஆகும்போது பைப் ஒரு குலுக்கு குலுங்கும், அதற்கு ரப்பர் வளைந்து கொடுக்கும், புட்டி கொடுக்காது. எங்கள் எல்போ பக்கத்தில் சுவரில் பைப்பைப் பிடிக்கும் கொக்கி கழன்றிருந்ததும் ஒரு காரணம். புட்டி போடும் முன் பைப் ஆடுகிறதா என்று கையால் ஆட்டிப் பார்ப்பது நல்லது.

எது போட்டாலும் எப்போது நிறுத்த வேண்டும் என்பதற்கு எனக்குத் தெரிந்த அடையாளம், பக்கத்திலேயே அடுத்த துளை. எங்களுக்குக் கிளாம்புக்கு ஒரு சாண் மேலே துரு நிறத்தில் ஒரு ஈரப்பொட்டு வந்தது. அன்றைக்கே மூன்று வீட்டையும் உட்கார வைத்துப் பேசி, அந்த மாதமே பைப்பை மாற்றினோம். கழற்றிய துண்டை அறுத்துப் பார்த்தால், கிளாம்புக்கு அடியில் இருந்த துளை சுண்டு விரல் நுனி அளவுக்கு விரிந்திருந்தது. வெளியே ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை, உள்ளே துரு தன் வேலையை நிறுத்தவே இல்லை.

சுவருக்குள் பதித்த பைப்பில் இரண்டையும் வைத்து மூடிப் பூசிவிடாதீர்கள், மறுபடி கசிந்தால் சுவர் ஊறிய பிறகுதான் தெரியும். கீசர் சுடுதண்ணீர் லைன் என்றால் பாக்கெட்டில் எத்தனை டிகிரி வரை தாங்கும் என்று போட்டிருப்பதைப் பார்க்காமல் புட்டியைத் தொட வேண்டாம். குடிதண்ணீர் லைன் என்றால் அதற்கு உகந்தது என்று எழுதியிருக்கும் புட்டியாகக் கேட்டு வாங்குங்கள்.