ஒரே பக்கத்தில் இரண்டு விலை: கருவாட்டுக் கடையின் மார்க்அப்போடு மூன்று ஆண்டுகள்

திருகோணமலை மத்திய வீதிப் பக்கம் என் மாமா நடத்தும் கருவாட்டுக் கடைக்கு ஓர் இணையத்தளம் இருக்கிறது. மூன்று ஆண்டுகளாக அதைப் பராமரிப்பவன் நான். ஒவ்வொரு பொருளின் பக்கத்திலும் வாடிக்கையாளரின் கண்ணுக்குத் தெரியும் விலையோடு, தேடுபொறி படிப்பதற்காக அதே விலையையும் கையிருப்பு நிலையையும் சொல்லும் ப்ராடக்ட் மார்க்அப் ஒன்றும் உள்ளே இருக்கும். தேடல் முடிவில் இணைப்பின் கீழ் விலையும் ‘கையிருப்பில் உள்ளது’ என்ற சொல்லும் தோன்றுவது இதனால்தான். சேர்த்த முதல் ஆண்டில் இதை ஒருமுறை செய்துவிட்டு மறந்துவிடக் கூடிய வேலை என்றே நினைத்திருந்தேன். அந்த நினைப்புத் தவறு என்பதைக் கட்டாக் கருவாடு காட்டிக்கொடுத்தது.

எங்கள் பக்கம் கார்த்திகை பிறந்தால் வடகீழ்ப் பருவக்காற்றில் கடல் கொந்தளிக்கும், படகுகள் கரையில் கிடக்கும், காயவைக்க வெயிலும் இராது. அந்த நாட்களில் கருவாட்டு விலை வாரத்துக்கு இரண்டு தடவை மாறும். இரண்டாவது ஆண்டு மாரியில் கட்டாக் கருவாடு கிலோ 3,600 ரூபாயிலிருந்து 4,200 ரூபாய்க்கு ஏறியது. மாமா விலையை மாற்றினார், பக்கத்தைத் திறந்து பார்த்தேன், 4,200 என்றே இருந்தது. மூன்றாம் நாள் வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாடிக்கையாளர் மூன்று கிலோ கேட்டுவிட்டு, “அண்ணை, கூகுளில 3,600 எண்டு கிடக்குது, நீங்கள் 4,200 எண்டு சொல்லுறியள்” என்று ஸ்கிரீன்ஷொட்டோடு வட்ஸ்அப்பில் அனுப்பினார். மாமா வாய்ச்சண்டைக்குப் போகாமல் பழைய விலைக்கே கொடுத்தார். 1,800 ரூபாய் போனதைவிட, நாங்கள் குறைந்த விலையைக் காட்டி ஆள் பிடிக்கிறோம் என்று அவர் நினைத்திருப்பாரே என்பதுதான் எனக்கு உறுத்தியது.

பக்கத்தின் மூலக்குறியைத் திறந்தபோது உள்ளே இப்படி இருந்தது:

```
"offers": {
  "@type": "Offer",
  "price": "3600.00",
  "priceCurrency": "LKR",
  "availability": "https://schema.org/InStock"
}
```

காரணத்தைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாலை பிடித்தது. தளம் வேகமாகத் திறக்க வேண்டும் என்பதற்காக, சேர்வர் ஒவ்வொரு பக்கத்தையும் ஒருமுறை உருவாக்கி 12 மணி நேரம் சேமித்து வைத்து, அந்தச் சேமிப்புப் படியையே எல்லோருக்கும் கொடுக்கும் விதமாக நானே அமைத்திருந்தேன். ஒரு பொருளின் பக்கத்தில் போய் விலையை மாற்றினால் அந்தப் படி அழிந்து புதியது உருவாகும். ஆனால் மாமாவின் மகள் எல்லா விலைகளையும் ஒரு விரிதாளில் திருத்தி மொத்தமாக ஏற்றியிருந்தாள். அந்த வழியில் ஏற்றினால் தரவுத்தளம் மாறுமே தவிர, சேமிப்புப் படியை அழிக்கும் கட்டளை ஓடுவதில்லை. அது போதாதென்று, அந்தப் படியின் காலம் தீர்ந்த பிறகும் அதற்கு முன்னால் இருந்த இன்னொரு சேமிப்பு அடுக்கு பழையதையே கொடுத்துக்கொண்டிருந்தது. வாடிக்கையாளர் பார்க்கும் விலையையோ, பக்கம் திறந்த பின் ஒரு ஜாவாஸ்கிரிப்ட் நேரடியாகத் தரவுத்தளத்திலிருந்து எடுத்து நிரப்பும். ஆகவே கண்ணுக்குத் தெரியும் எண் எப்போதும் புதியது, மார்க்அப்பில் உள்ள எண் எப்போதோ உறைந்தது. பிரவுசரில் எத்தனை தடவை பார்த்தாலும் இந்தப் பிழை தெரியாது.

கூகுளின் ரிச் ரிசல்ட்ஸ் சோதனைக் கருவியும் இங்கே உதவவில்லை. அது எழுத்தமைப்பைச் சரிபார்க்கும், தேவையான புலங்கள் உள்ளனவா என்று பார்க்கும், 3600.00 என்பது சரியான எண் வடிவம், ஆகவே பச்சை அடையாளம் காட்டிவிட்டது. விலை உண்மையா என்பது அதன் கேள்வியே அல்ல. நான் அந்தப் பச்சையை நம்பி ஓராண்டு ஓட்டியிருக்கிறேன். இப்போது பிரவுசரையும் அந்தக் கருவியையும் விட்டுவிட்டு, சேர்வர் உண்மையில் அனுப்பும் மூலத்தை நேரடியாகக் கேட்கிறேன்:

```
curl -s "$URL" | grep -oE '"price": ?"[0-9.]+"'
```

கையிருப்பு விடயத்தில் தவறு முழுக்க என்னுடையது. சரக்குத் தீர்ந்தால் மாமா பக்கத்தில் ‘இப்போது இல்லை, அடுத்த கிழமை வரும்’ என்று விவரப் பெட்டியில் தமிழில் எழுதுவார். அது வெறும் எழுத்து. இருப்பு எண்ணை அவர் தொடாததால் மார்க்அப் `InStock` என்றே சொல்லிக்கொண்டிருக்கும். இதைத் திருத்தப் போன நான், ‘அடுத்த கிழமை வரும்’ என்பதற்கு `PreOrder` பொருந்தும் என்று எண்ணி அதைப் போட்டேன். அது இன்னும் சந்தைக்கே வராத பொருளை முன்கூட்டிப் பதிவுசெய்வதற்கானது. தீர்ந்துபோன சரக்குக்கு இப்போதே பணம் வாங்கிப் பிறகு அனுப்புவதாக இருந்தால் `BackOrder`, கட்டளையே எடுக்காவிட்டால் `OutOfStock`. நாங்கள் பின்னதையே வைத்துக்கொண்டோம். கடல் எப்போது தணியும் என்று யாரால் வாக்குக் கொடுக்க முடியும்? பக்கத்தில் தெரியும் சொல்லையும் மாமா கையால் எழுதுவதை நிறுத்தி, இருப்பு எண் பூச்சியமானால் இரண்டும் தாமாகவே மாறும்படி ஒரே மூலத்திலிருந்து எடுக்க வைத்தேன்.

நாணயப் பிரச்சினை சற்று வேடிக்கையானது. எங்கள் வாடிக்கையாளரில் பாதிப்பேர் கனடாவிலும் இங்கிலாந்திலும் இருப்பதால், வருபவரின் இருப்பிடத்தை ஊகித்து விலையை அவர்கள் நாணயத்தில் காட்டும் வசதியைச் சேர்த்திருந்தேன். கூகுளின் கிரோலர் பெரும்பாலும் அமெரிக்க முகவரிகளிலிருந்தே வரும். ஆகவே அது பக்கத்தில் டொலரைப் பார்த்தது, மார்க்அப்பில் ரூபாயைப் படித்தது. திருகோணமலையில் இருந்து பார்க்கும் எனக்கு இரண்டும் ரூபாயாகவே தெரிந்தன. இப்போது எல்லோருக்கும் முதலில் ரூபாய்தான். பார்ப்பவர் தானே தேர்ந்தால் மட்டும் நாணயம் மாறும்.

இப்படி ஒவ்வாத மார்க்அப்பால் என்ன நடக்கும் என்பதில் பலர் தேவைக்கு மேல் பயப்படுகிறார்கள். பக்கத்தில் இல்லாததையோ அதற்கு முரணானதையோ மார்க்அப் சொல்வது கூகுளின் விதிகளுக்கு எதிரானது. அதற்காகக் கைமுறை நடவடிக்கை வந்தால் சேர்ச் கன்சோலில் அறிவிப்பு இருக்கும், அந்தப் பக்கங்கள் விலையோடு தோன்றும் தகுதியை இழக்கும். ஆனால் அந்த நடவடிக்கை சாதாரணத் தேடலில் பக்கத்தின் இடத்தைக் குறைப்பதில்லை. எங்களுக்கு அப்படி எதுவும் வரவில்லை. எங்களுக்கு வந்தது வெள்ளவத்தை வாடிக்கையாளர் மட்டும்தான். சிறிய கடைக்கு அதுவே பெரிய தண்டனை.

இப்போதைய ஏற்பாடு எளிமையானது. விலையும் இருப்பும் தரவுத்தளத்தில் ஒரே இடத்தில் இருக்கின்றன. தெரியும் எழுத்தும் மார்க்அப்பும் சேர்வரிலேயே ஒன்றாக உருவாகின்றன. ஜாவாஸ்கிரிப்ட் விலையைத் தொடுவதில்லை. விரிதாள் ஏற்றப்பட்டதும் இரண்டு சேமிப்பு அடுக்குகளும் அழிக்கப்படும். இரவில் ஒரு சிறு ஸ்கிரிப்ட் எல்லாப் பக்கங்களிலும் இரண்டு எண்களையும் ஒப்பிட்டு, ஒன்றுக்கொன்று வேறுபட்டிருந்தால் எனக்கு மின்னஞ்சல் அனுப்பும். திரையில் 4,200 என்று காற்புள்ளியோடும் மார்க்அப்பில் 4200.00 என்று அது இல்லாமலும் இருக்க வேண்டும் என்பதால், ஒப்பிடும் முன் காற்புள்ளியை நீக்கி இரண்டையும் எண்களாக மாற்றவேண்டும். இதை மறந்த முதல் இரவில் எல்லாப் பொருட்களுக்கும் எச்சரிக்கை வந்து குவிந்தது.

எல்லாம் சரியாக இருந்தும் மிஞ்சும் இடைவெளி ஒன்று உண்டு. நாங்கள் விலையை மாற்றியதற்கும் கூகுள் மறுபடி வந்து பக்கத்தைப் படிப்பதற்கும் இடையே, எங்கள் தளத்தில் சில நாட்கள் போய்விடுகின்றன. சேர்ச் கன்சோலில் முகவரியைக் கொடுத்து மறுபடி படிக்கச் சொல்லலாம். வாரம் இரண்டு தடவை முப்பது பக்கங்களுக்கு அதைச் செய்ய எனக்குப் பொறுமையில்லை. அதனால் மாரி காலத்தில் மட்டும், அடிக்கடி விலை மாறும் நான்கு பொருட்களின் மார்க்அப்பிலிருந்து `offers` பகுதியையே எடுத்துவிடுகிறேன். தேடலில் அவற்றுக்கு விலை தெரியாது. மாமாவுக்கு இதில் திருப்தியில்லை, ஆனால் மாசி பிறந்ததும் அதை மறுபடி சேர்க்கச் சொல்லி அவரே ஞாபகப்படுத்துகிறார்.